50 பாயிண்ட் என்றால் 50 ரூபாய்

கேள்வி: ஐயா, வணக்கம். விருதுநகர் பக்கம் ஒரு டவுனில் மளிகை டிபார்ட்மென்ட் ஸ்டோர் வைத்திருக்கிறோம். மாதம் 20 லட்சம் ரூபாய் வியாபாரம். நாலு மாதத்துக்கு முன்னால் பாயிண்ட் கார்டு போட்டு 300 குடும்பத்துக்குக் கொடுத்தோம். 100 ரூபாய்க்கு 1 பாயிண்ட், ஒரு பாயிண்டுக்கு 25 காசு, 500 பாயிண்ட் சேர்ந்ததும் கழித்துக்கொள்ளலாம், ஒரு வருடத்தில் காலாவதி, அரிசி, எண்ணெய், சர்க்கரைக்குக் கிடையாது. இதுவரை ஒருவர்கூட ஒரு ரூபாய் கழித்ததில்லை. பில் போடும் இடத்தில் தினமும் சண்டை. "கார்டு வேண்டாம், நீயே வைத்துக்கொள்" என்று இரண்டு பேர் திருப்பியே கொடுத்துவிட்டார்கள். மாமனார், "இதெல்லாம் எதுக்கு, தீபாவளிக்கு ஆளுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம் கொடுத்துவிட்டுப் போ" என்கிறார். மக்களுக்குப் புரியும்படி இதை எப்படி எழுதி ஒட்டுவது?

பதில்: வணக்கம் அம்மா. எழுதுவதற்கு முன்னால் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடைக்கு மாதம் 4,000 ரூபாய்க்கு வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். அதில் அரிசி, எண்ணெய், சர்க்கரை மட்டும் 1,600 ரூபாய் போகும். மீதி 2,400 ரூபாய்க்கு 24 பாயிண்ட். 500 பாயிண்ட் சேர 21 மாதம் ஆகும். ஆனால் பாயிண்ட் 12 மாதத்தில் செத்துவிடுகிறது. அதாவது, நீங்கள் வைத்திருக்கும் விதிப்படி ஒரு சாதாரணக் குடும்பம் எத்தனை வருடம் வந்தாலும் ஒரு பைசா கழிக்க முடியாது. அப்படியே மாதம் 10,000 ரூபாய்க்கு வாங்குகிற பெரிய குடும்பம் ஒன்று சேர்த்துவிட்டாலும், 500 பாயிண்டுக்குக் கையில் வருவது 125 ரூபாய்.

உங்கள் வாடிக்கையாளர்கள் புரியாமல் சண்டை போடவில்லை. புரிந்துதான் போடுகிறார்கள். இந்தத் திட்டத்தை எவ்வளவு எளிய தமிழில் எழுதினாலும், எளிய தமிழில் எழுதிய ஏமாற்று என்றுதான் படிக்கும். நீங்கள் ஏமாற்ற நினைக்கவில்லை என்று எனக்குத் தெரியும். பில்லிங் சாஃப்ட்வேர் போட வந்தவர் கேட்ட கட்டங்களை எல்லாம் ஒவ்வொன்றாக நிரப்பியிருப்பீர்கள். ஒவ்வொரு விதியும் தனியாகப் பார்த்தால் நியாயம்தான். நாலும் சேர்ந்ததும் கதவு மூடிக்கொண்டது.

அதனால் விதியை முதலில் மாற்றுவோம். பில் போடும் பெண் மூச்சு விடாமல் ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடியதாக அது இருக்க வேண்டும். நான் கடைகளுக்குச் சொல்வது இதுதான்: "100 ரூபாய்க்கு வாங்கினால் 1 பாயிண்ட், 1 பாயிண்ட் 1 ரூபாய், 50 சேர்ந்ததும் பில்லில் கழித்துக்கொள்ளலாம்." இதில் 25 காசு கிடையாது. பாயிண்டை ரூபாயாக மாற்றப் பெருக்கலோ வகுத்தலோ தேவைப்பட்டால் மனசு அங்கேயே நின்றுவிடும். பெரிய எண்ணாகக் காட்டினால் சந்தோஷப்படுவார்கள் என்று சிலர் 1,000 பாயிண்டுக்கு 10 ரூபாய் என்று வைப்பார்கள். முதல் தடவை கழிக்கும்போது முகம் சுருங்குவதைப் பார்த்தவர்கள் அப்படி வைக்க மாட்டார்கள்.

கட்டுப்படியாகுமா என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். உங்கள் மார்ஜின் எனக்குத் தெரியாது. நான் 10 சதவீதம் என்று வைத்துப் போடுகிறேன், உங்கள் எண்ணை வைத்துத் திரும்பப் போட்டுக்கொள்ளுங்கள். 20 லட்சத்துக்கு 2 லட்சம். வாடகை, சம்பளம், கரண்ட் எல்லாம் 1,40,000 போனால் கையில் 60,000. கார்டு வைத்திருக்கும் 300 குடும்பமும் தலைக்கு 4,000 வாங்கினால் 12 லட்சம். அதற்கு 1 சதவீதம் 12,000 ரூபாய். எல்லோரும் எல்லாப் பாயிண்டையும் கழிப்பார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதிப் பேர் மறந்துவிடுவார்கள் என்று எண்ணித் திட்டம் போடுவதுதான் முதல் தப்பு. ஆக, லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு போகிறது. இது சின்னத் தொகை இல்லை.

இந்த 12,000-ஐ ஈடுகட்ட அந்தக் குடும்பங்கள் எவ்வளவு கூடுதலாக வாங்க வேண்டும்? கூடுதல் வியாபாரத்தில் 10 சதவீதம் வருகிறது, அதற்கும் 1 சதவீதம் பாயிண்டாகப் போகிறது, மிச்சம் 9 சதவீதம். 12,000-ஐ 9 சதவீதத்தால் ஈடுகட்ட 1,33,000 ரூபாய் கூடுதல் விற்பனை வேண்டும். குடும்பத்துக்கு மாதம் சுமார் 445 ரூபாய். இதைத்தான் நீங்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். அரிசி, பருப்பு உங்களிடம் வாங்குகிறவர்கள் சோப்புத்தூள், ஷாம்பூ, காபித்தூள் எல்லாம் எங்கே வாங்குகிறார்கள்? பக்கத்து ஊர்ப் பெரிய கடையிலா, ஆன்லைனிலா? அந்த 445 ரூபாய் வெளியே போய்க்கொண்டிருக்கிறது என்றால் கார்டு அதைப் பிடித்து இழுக்கும். எல்லாமே ஏற்கெனவே உங்களிடம்தான் வாங்குகிறார்கள் என்றால் கார்டு வெறும் செலவு. அப்போது மாமனார் சொல்வது பாதி சரி.

பாதி என்று சொல்லக் காரணம் உண்டு. கிண்ணம் வாங்கும்போது நீங்கள் கட்டும் ஜி.எஸ்.டி.யை, அன்பளிப்பாகக் கொடுக்கும் பொருளுக்கு உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. சி.ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு அதைத் தடுக்கிறது. பில்லிலேயே தள்ளுபடியாகக் காட்டிக் கழித்தால் இந்தத் தொல்லை இல்லை. எந்தத் தலைப்பில் காட்டுவது என்பதை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டு சாஃப்ட்வேரில் வைத்துவிடுங்கள். இன்னொன்று, மாதம் 800 ரூபாய்க்கு வருகிறவருக்கும் 8,000 ரூபாய்க்கு வருகிறவருக்கும் ஒரே கிண்ணம் கொடுத்தால் பெரியவர் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வார். அளவு வாரியாக இரண்டு கிண்ணம் வைத்தால் சின்னவர் தூக்கிக்கொள்வார்.

அரிசி, எண்ணெய், சர்க்கரையை ஏன் விலக்கினீர்கள் என்பது புரிகிறது. மூட்டை அரிசியில் உங்களுக்குக் கிடைப்பதே 3 சதவீதம், அதில் ஒன்றைக் கொடுப்பதா என்ற எண்ணம். ஆனால் மேலே போட்ட கணக்கில் அரிசி, எண்ணெய் எல்லாம் கலந்துதான் 10 சதவீதம் வைத்தோம். அதனால் மொத்தத்துக்கும் கொடுக்கலாம். விலக்கு வைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் கடையிலேயே நின்று பாருங்கள். பில் 1,840 ரூபாய். வாடிக்கையாளர் மனதில் 18 பாயிண்ட். பில்லில் 9 என்று வருகிறது. மீதி 9 எங்கே என்று கேட்பார். பில் போடும் பெண் ஒவ்வொரு பொருளாக விரல் வைத்துக் காட்ட வேண்டும். பின்னால் ஆறு பேர் நிற்பார்கள். அந்த ஒன்பது ரூபாயைக் கொடுத்துவிடுவது மலிவு.

மூன்று விலக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சிகரெட், பீடிக்கு வேண்டாம். கைக்குழந்தைகளுக்கான பால் பவுடர், பால் பாட்டிலுக்குக் கொடுக்கவே கூடாது. அவற்றின் விற்பனையைக் கூட்ட எந்த வகையான ஊக்குவிப்பும் தருவதை 1992-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இதைப் பல கடைகள் கவனிப்பதே இல்லை. மூன்றாவது, ஹோட்டல்காரர்களுக்கும் கல்யாண சமையல்காரர்களுக்கும் மொத்த விலையில் போடும் பில். டின் எண்ணெய்க்கு விலையைக் குறைத்துவிட்டு அதன் மேல் பாயிண்டும் கொடுத்தால் கையைக் கடிக்கும்.

இப்போது 500-ஐ ஏன் 50 ஆக்கச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன். 4,000 ரூபாய்க் குடும்பம் ஐந்தாறு வாரத்தில் 50-ஐத் தொட்டுவிடும். முதல் தடவை கழித்துப் பார்த்தபிறகுதான் கார்டு மேல் நம்பிக்கை வரும். அதுவரைக்கும் அது பர்ஸில் கிடக்கும் அட்டை. முதல் கழிவை இன்னும் முன்னால் இழுக்க, சேரும் அன்றே 10 பாயிண்ட் போட்டுக் கொடுங்கள். ஜோசப் நுனெஸ், சேவியர் ட்ரெஸ் என்ற இரண்டு பேர் 2006-இல் அமெரிக்காவில் ஒரு கார் கழுவும் இடத்தில் இதைச் சோதித்து எழுதினார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம் உள்ள காலி அட்டை, மீதிப் பேருக்குப் பத்துக் கட்டத்தில் இரண்டு ஏற்கெனவே முத்திரை குத்திய அட்டை. இரண்டுக்குமே இன்னும் எட்டுத் தடவை வந்தாக வேண்டும். காலி அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள், முத்திரை குத்தியவர்களில் 34 சதவீதம் பேர் முடித்தார்கள். நம் ஊரில் பாயசத்தை இலையில் கொஞ்சம் வைத்துவிட்டு உட்காரச் சொல்வது மாதிரிதான். 10 பாயிண்டோடு ஆரம்பித்தால் உங்கள் 4,000 ரூபாய்க் குடும்பம் முதல் மாதமே 50-ஐத் தொட்டுவிடும்.

பைசாவையும் விடாதீர்கள். பில் 378 ரூபாய் என்றால் 3 பாயிண்ட், மீதி 78 ரூபாய் என்ன ஆகும்? பெரும்பாலான சாஃப்ட்வேரில் பில்லுக்குப் பில் கீழே வெட்டுவதுதான் முதல் அமைப்பாக இருக்கும். தினமும் 90 ரூபாய்க்கு வாங்கும் பாட்டிக்கு வருடம் முழுக்க வந்தாலும் பூஜ்யம். உங்கள் கடைக்கு அதிகத் தடவை வருகிறவரே அவராகத்தான் இருப்பார். மிச்சத்தை அடுத்த பில்லுக்கு எடுத்துப்போகும்படி மாற்றச் சொல்லுங்கள். முடியாது என்றால் பாயிண்டில் இரண்டு தசம இடம் வைக்கச் சொல்லுங்கள், 3.78 என்று ஏறட்டும்.

மாதக் கணக்கு நோட்டு வைத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன், அந்தப் பக்கத்தில் நோட்டு இல்லாத மளிகைக் கடை ஏது? கடனுக்கு வாங்கும்போது பாயிண்ட் ஏற்றாதீர்கள். பணம் கட்டும் அன்று ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பாக்கியை வைத்துக்கொண்டே பாயிண்டைக் கழிப்பார்கள், அதைக் கேட்கவும் முடியாது.

காலாவதிக்கு ஒரே விதி போதும்: ஒரு வருடம் முழுக்கக் கடைக்கு வராவிட்டால் பாயிண்ட் போய்விடும். ஒவ்வொரு பாயிண்டுக்கும் தனித்தனியாகத் தேதி வைத்தால், ஆடி மாதம் ஏறியது அடுத்த ஆடியில் போகும், ஆவணியில் ஏறியது ஆவணியில் போகும். இதை எந்த மொழியிலும் யாருக்கும் விளக்க முடியாது. காலாவதியே வேண்டாமே என்றால், வைக்கத்தான் வேண்டும். கழிக்காமல் கிடக்கும் பாயிண்ட் எல்லாம் நீங்கள் ஊருக்குப் பட்டிருக்கும் கடன். மாதக் கடைசியில் சாஃப்ட்வேரில் மொத்தப் பாயிண்ட் இருப்பு என்ன என்று பாருங்கள். 15,000 என்று காட்டினால், 15,000 ரூபாய் யாருக்கோ கொடுக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம். தீபாவளிக்கு முந்தின வாரம் எல்லோரும் சேர்ந்து வந்து கழிப்பார்கள். அந்த வாரம்தான் சரக்குக்காரருக்கும் பணம் கொடுக்க வேண்டியிருக்கும். தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள்.

சரி, இப்போது எழுதுவதற்கு வரலாம். அச்சகத்தில் போட்டுக் கொடுக்கும் கார்டுகளின் பின்பக்கத்தில் இப்படி ஒரு வாசகம் இருக்கும்: "தகுதியுடைய கொள்முதல்களுக்கு வழங்கப்படும் வெகுமதிப் புள்ளிகள் நிர்வாகத்தின் விருப்புரிமைக்கு உட்பட்டவை." இதில் ஒரு சொல்கூட உங்கள் கடையில் யாரும் பேசுவதில்லை. வாடிக்கையாளர் "பாயிண்ட்" என்றுதான் சொல்கிறார், அப்படியே போடுங்கள். "தகுதியுடைய" என்றால் எது என்று கேட்பார். "விருப்புரிமை" என்றால் உங்கள் இஷ்டம் என்று சரியாகவே புரிந்துகொள்வார். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

"100 ரூபாய்க்கு வாங்கினால் 1 பாயிண்ட். 1 பாயிண்ட் = 1 ரூபாய்.
50 பாயிண்ட் சேர்ந்ததும், எந்த பில்லில் வேண்டுமானாலும் கழித்துக்கொள்ளலாம்.
உதாரணம்: மாதம் 4,000 ரூபாய்க்கு வாங்கினால் 40 ரூபாய் சேரும்.
சிகரெட், பீடி, குழந்தைப் பால் பவுடர், பால் பாட்டில், மொத்த விலை பில் ஆகியவற்றுக்குப் பாயிண்ட் இல்லை.
பொருளைத் திருப்பிக் கொடுத்தால் அதற்கான பாயிண்டும் குறையும்.
ஒரு வருடம் கடைக்கு வராவிட்டால் பாயிண்ட் போய்விடும்."

அவ்வளவுதான். கவனித்துப் பாருங்கள், இல்லை என்பதையும் போய்விடும் என்பதையும் அதே அளவு எழுத்தில்தான் போட்டிருக்கிறேன். "நிபந்தனைகளுக்கு உட்பட்டது" என்று ஒரு நட்சத்திரக் குறி போட்டு மூலையில் ஒளித்தால், மேலே எழுதியது எல்லாம் பொய் என்று அந்த நட்சத்திரமே சொல்லிவிடும். அச்சடிப்பதற்கு முன்னால் ஐந்து வாடிக்கையாளரிடம் படிக்கக் கொடுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். "அக்கா, நீங்க 1,250 ரூபாய்க்கு வாங்கினா என்ன கிடைக்கும்? அதை இன்னிக்கே கழிக்க முடியுமா?" என்று கேளுங்கள். பன்னிரண்டரை ரூபாய், 50 வரும்வரை முடியாது என்று பதில் வந்தால் சரி. இரண்டு பேர் தடுமாறினாலும் வாசகத்தை மாற்றுங்கள். பில் போடும் பெண்ணிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள், அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும்.

கார்டை யாரும் இரண்டாம் தடவை படிக்க மாட்டார்கள், பில்லின் அடியைத்தான் பார்ப்பார்கள். அங்கே மூன்று வரி வரட்டும்: இன்று சேர்ந்தது 12, மொத்தம் 46, இன்னும் 400 ரூபாய்க்கு வாங்கினால் 50 ரூபாய் தள்ளுபடி. அந்த மூன்றாவது வரி முக்கியம். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் அடுத்த நடை உங்கள் கடைக்குத்தான்.

எஸ்.எம்.எஸ். அனுப்புவதாக இருந்தால் ஒரு விஷயம். ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம் உண்டு, தமிழில் 70 இடம்தான். அதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்கு வைத்துக் காசு பிடிப்பார்கள். அந்த 70-உம் நாம் எண்ணுகிற எழுத்து இல்லை. மேலே வைக்கும் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி இடம் பிடிக்கும். "பாயிண்ட்" நமக்கு நாலு எழுத்து, செல்போனுக்கு எட்டு. அதனால் இப்படிச் சுருக்கலாம்: "இன்று 12 பாயிண்ட். மொத்தம் 46. 50 வந்தால் 50 ரூ தள்ளுபடி." இது 57 இடம் பிடிக்கும், கடைப் பெயருக்கு 13 மிச்சம். "கழிவு" என்று போட்டால் இன்னும் மூன்று மிச்சமாகும், ஆனால் செல்போனில் தனியாகப் பார்க்கும்போது கழிவுநீர் ஞாபகம் வரும். எந்த வாசகம் அனுப்பினாலும் வியாபாரச் செய்திகளுக்கான டி.எல்.டி. பதிவு இல்லாமல் போகாது, எஸ்.எம்.எஸ். நிறுவனத்தைக் கேட்டால் செய்து தருவார்கள்.

போன் நம்பரைக் கட்டாயப்படுத்தாதீர்கள். நம்பர் தராவிட்டால் பொருள் இல்லை என்று சொல்லக்கூடாது என்பதை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்கு அறிவுறுத்திவிட்டது. "பாயிண்ட் ஏற்றுவதற்கும் பாயிண்ட் செய்தி அனுப்புவதற்கும் மட்டும் இந்த நம்பர்" என்று சேரும் படிவத்தில் தமிழில் எழுதி, சம்மதம் என்று கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

திருட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், இது எல்லாக் கடையிலும் நடக்கும். நான் திட்டம் போட்டுக் கொடுத்த ஒரு கடையில் மூன்றாவது மாதம் ஒரே நம்பருக்கு ஒரு சாயங்காலத்தில் 11 பில். கார்டு இல்லாமல் வந்தவர்களின் பில்லை எல்லாம் கேஷியர் தன் தங்கை நம்பரில் ஏற்றியிருந்தார். வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை என்பதால் யாரும் சொல்லவில்லை. வாரம் ஒரு தடவை, எந்த நம்பருக்கு எத்தனை பில் என்ற பட்டியலை அதிகத்திலிருந்து குறைவாக வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரு நம்பருக்கு ஒரு நாளைக்கு மூன்று பில்லுக்கு மேல் பாயிண்ட் ஏறாதபடி சாஃப்ட்வேரிலும் பூட்டிவிடலாம். ஊழியர்களுக்கும் ஒரு கார்டு கொடுத்துவிடுங்கள், பாதி ஆசை அதிலேயே தீர்ந்துவிடும்.

கடைசியாக, ஏற்கெனவே ஏறியிருக்கும் பாயிண்ட். பழைய கணக்குப்படி 4 பாயிண்டுக்கு 1 ரூபாய்தானே, அதனால் 96 வைத்திருப்பவருக்கு 24 ஆக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். மதிப்பு மாறவில்லை என்று நீங்கள் விளக்கி முடிப்பதற்குள், 96-ஐ 24 ஆக்கிவிட்டார்கள் என்ற செய்தி தெருவைச் சுற்றி வந்துவிடும். பழைய பாயிண்ட் ஒன்றுக்குப் புதிய பாயிண்ட் ஒன்று என்று அப்படியே மாற்றுங்கள். 300 கார்டு, மாதம் 24, நாலு மாதம் என்று உச்சமாகப் போட்டாலும் 28,800 ரூபாய். எல்லாக் கார்டும் முதல் நாளே கொடுத்திருக்க மாட்டீர்கள், அதனால் அதற்குக் கீழேதான் வரும். பழைய விலைப்படியே அதில் 7,200 கொடுப்பதாகத்தான் சொல்லியிருந்தீர்கள். மிச்சம் வலிக்கும், ஒரே மாதத்தில் எல்லோரும் கழிக்கவும் வரலாம். அதனால் சரக்குக் கொள்முதல் குறைவாக இருக்கும் மாதமாகப் பார்த்து மாற்றுங்கள், தீபாவளி, பொங்கலுக்கு முந்தின மாதம் வேண்டாம். கார்டைத் திருப்பிக் கொடுத்த அந்த இரண்டு பேருக்கு நீங்களே போன் செய்யுங்கள். கடை வாசலில் ஒட்ட இது போதும்:

"பாயிண்ட் கார்டு வைத்திருப்பவர்களுக்கு: எங்கள் பழைய விதிப்படி உங்களால் எதுவும் கழிக்க முடியவில்லை. தப்பு எங்களுடையது, மாற்றிவிட்டோம். இனி 1 பாயிண்ட் 1 ரூபாய். 50 சேர்ந்தால் கழித்துக்கொள்ளலாம். அரிசி, எண்ணெய், சர்க்கரைக்கும் உண்டு. இதுவரை சேர்ந்த பாயிண்ட் அப்படியே இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு என்று பில் போடும் இடத்தில் கேளுங்கள்."